இரண்டு ஃபார்ம் 16-லும் வரி பூஜ்யம், ஆனாலும் கட்ட வேண்டியது இருக்கிறது

கேள்வி: ஆடிட்டர் மேடம், வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வருஷம் செப்டம்பர் வரை பழைய கம்பெனியில் மாதம் ஒரு லட்சம் சம்பளம். அக்டோபரிலிருந்து புதிய கம்பெனியில் 1,30,000. இரண்டு கம்பெனியும் ஃபார்ம் 16 கொடுத்துவிட்டன. இரண்டிலும் வரி பூஜ்யம். பன்னிரண்டு லட்சம் வரை வரி கிடையாது என்றார்கள், நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் இந்த ஏப்ரலிலிருந்து மாதம் 8,905 ரூபாய் பிடிக்கிறார்கள். இது போன வருஷத்து வரியா? ஜூலை 12-ம் தேதி நீங்கள் நடத்தும் வெபினாரைக் கேட்டுவிட்டு, மாதக் கடைசிக்குள் ரிட்டர்ன் போட்டால் போதுமா? நண்பர் ஒருவர், புதிய கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ மட்டும் வைத்துப் போட்டால் போதும் என்கிறார்.

பதில்: வணக்கம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெபினாருக்கு அவசியம் வாருங்கள். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். உங்களுக்குக் கிட்டத்தட்ட 85,000 ரூபாய் வரி பாக்கி இருக்கிறது. அதை இந்த ஜூன் 30-ம் தேதிக்குள் கட்டுவது ஒரு கணக்கு, ஜூலையில் கட்டுவது இன்னொரு கணக்கு, ஆகஸ்டில் கட்டுவது முற்றிலும் வேறு கணக்கு.

தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. இரண்டு கம்பெனியும் அவரவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கின்றன. ஒருவருக்கு மற்றவர் கொடுத்த சம்பளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டு ஃபார்ம் 16-ஐயும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கம்பெனி 2025 ஏப்ரலில் உங்கள் ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டு லட்சம் என்று எடுத்துக்கொண்டது. அதில் நிலையான கழிவு 75,000 போக 11,25,000. புதிய வரிமுறையில் பன்னிரண்டு லட்சம் வரை 87ஏ தள்ளுபடி வரியை முழுவதும் துடைத்துவிடும். ஆகவே டிடிஎஸ் பூஜ்யம். செப்டம்பரோடு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள், அவர்கள் கொடுத்தது ஆறு லட்சம். இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் அக்டோபரில் வந்த ஆள். ஆறு மாதத்துக்கு 7,80,000. அவர்களும் ஒரு 75,000-ஐக் கழித்தார்கள், 7,05,000 வந்தது, அவர்களும் தள்ளுபடியைக் கொடுத்தார்கள், பூஜ்யம். ஒரே ஆளுக்கு ஒரே ஆண்டில் நிலையான கழிவும் இரண்டு முறை, வரிப் படிநிலைகளும் இரண்டு முறை, தள்ளுபடியும் இரண்டு முறை கிடைத்திருக்கிறது. சட்டம் ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் தருகிறது.

இதற்கு ஃபார்ம் 16-லேயே ஓர் அடையாளம் இருக்கிறது. இரண்டாவது கம்பெனியின் பகுதி பி-யை எடுங்கள். சம்பள விவரத்தின் முதல் கட்டத்தில் (e) என்று ஒரு வரிசை இருக்கும்: Reported total amount of salary received from other employer(s). உங்களுடையதில் அங்கே 0.00 என்றுதான் இருக்கும். சரியாக நடந்திருந்தால் அந்த இடத்தில் ஆறு லட்சம் இருந்திருக்க வேண்டும். வேலை மாறிய யாரும் புதிய கம்பெனியின் ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு வரிசையைத்தான். அங்கே பூஜ்யம் என்றால், கடைசியில் 'வரி இல்லை' என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது.

அந்த வரிசையை நிரப்பத்தான் ஃபார்ம் 12பி என்று ஒன்று வைத்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த வாரத்தில் எச்.ஆர். அனுப்பும் இருபது படிவங்களில் ஒன்றாக வந்திருக்கும், அல்லது கம்பெனியின் சம்பள இணையதளத்தில் முந்தைய வேலை வருமானம் என்று ஒரு பக்கமாக இருந்திருக்கும். பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்ல வேண்டுமா என்ற தயக்கம் ஒரு காரணம். அது விருப்பத்தின் பேரில் தரும் தகவல் என்பதால் யாரும் துரத்திக் கேட்பதும் இல்லை. நீங்கள் அதைக் கொடுத்திருந்தால் உங்கள் வரி 78,780 ரூபாயும் அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 13,130 வீதம் பிடிக்கப்பட்டிருக்கும். கடினமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வட்டி ஒரு ரூபாய் கூட வந்திருக்காது.

அப்புறம் அந்த 8,905. அது போன ஆண்டு பாக்கி இல்லை. இந்த ஆண்டு முழுவதும் மாதம் 1,30,000 என்றால் 15,60,000, கழிவு போக 14,85,000, அதற்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 1,06,860. பன்னிரண்டால் வகுத்தால் 8,905. இது 2026 ஏப்ரலுக்குப் பிந்திய சம்பளத்துக்கான வரி மட்டுமே. போன ஆண்டுக் கணக்கில் இதிலிருந்து ஒரு காசும் சேராது. 'அதான் பிடிக்கிறார்களே, அதிலேயே சரியாகிவிடும்' என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். பிடித்தம் ஏன் திடீரென்று தொடங்கியது என்று நீங்கள் யோசித்தீர்களே, அது நல்லது. சம்பளம் மாறவில்லை, பிடித்தம் மட்டும் வந்தது என்றால், முன்பு பிடித்திருக்க வேண்டியது விட்டுப்போயிருக்கிறது என்றே அதற்கு அர்த்தம்.

சரி, போன ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் போடுவோம். ஆறு லட்சமும் 7,80,000-மும் சேர்ந்து 13,80,000. நிலையான கழிவு ஒரே முறை 75,000. மீதி 13,05,000. முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த நான்கு லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் உள்ள 1,05,000-க்கு 15 சதவீதம், 15,750. ஆக 75,750. அதன் மேல் 4 சதவீத செஸ் 3,030. மொத்தம் 78,780.

'பன்னிரண்டு லட்சத்தை ஒரு லட்சம்தான் தாண்டியிருக்கிறேன், அதற்கு இவ்வளவா?' என்று தோன்றும். தள்ளுபடி பன்னிரண்டு லட்சத்தோடு நின்றுவிடுகிறது. தாண்டிவிட்டால் நான்கு லட்சத்திலிருந்து கணக்கு மறுபடி எழுந்து நிற்கும். கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு விளிம்பு நிவாரணம் உண்டு. தாண்டிய தொகையைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது என்பது அதன் விதி. உங்களுக்குத் தாண்டியது 1,05,000, வரி 75,750. வரிதான் குறைவு, ஆகவே அந்த நிவாரணம் உங்களுக்குப் பொருந்தாது. வங்கி வட்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேமிப்புக் கணக்கு, வைப்பு நிதி இரண்டின் வட்டியையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் படிநிலையில் ஒவ்வோர் ஆயிரம் ரூபாய் வட்டிக்கும் 156 ரூபாய் வரி கூடும்.

இனி வட்டி. டிடிஎஸ் போக ஒருவர் கட்ட வேண்டிய வரி பத்தாயிரம் ரூபாயைத் தொட்டாலே முன்கூட்டிய வரி கட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். சம்பளக்காரர்களுக்குக் கம்பெனியே பிடித்துவிடுவதால் இது நினைவுக்கே வருவதில்லை. உங்கள் விஷயத்தில் யாரும் பிடிக்கவில்லை, ஆகவே பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டது. இதில் இரண்டு வட்டி. ஒன்று 234சி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணைகளையும் கட்டாமல் விட்டதற்கு. உங்களுக்கு அது 3,973 ரூபாய். இது முடிந்துபோன கணக்கு, இனிக் கூடாது, குறையாது. போன ஜூனில் நீங்கள் வேலை மாறப்போவதே உங்களுக்குத் தெரியாது, அந்தத் தவணைக்கும் ஏன் வட்டி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முன்கூட்டித் தெரியாத வருமானத்துக்கு ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் அதை மூலதன ஆதாயம், ஈவுத்தொகை, லாட்டரிப் பரிசு, புதிதாகத் தொடங்கிய தொழில் ஆகியவற்றுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மற்றது 234பி. இதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 1 முதல், நீங்கள் கட்டும் மாதம் வரை, மாதத்துக்கு 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். நூறு ரூபாய்க்குக் கீழே உள்ளதை விட்டு 78,700-க்குக் கணக்கிட்டால் மாதம் 787. ஜூன் 30-க்குள் கட்டினால் மூன்று மாதம், 2,361. ஜூலை 1 காலையில் கட்டினாலும் நான்கு மாதம், 3,148. ஆகவே ஜூன் 30-க்குள் நீங்கள் கட்ட வேண்டியது 78,780, 2,361, 3,973 மூன்றும் சேர்ந்து 85,114. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 85,110. ஜூலையில் என்றால் 85,900. என் வெபினாருக்காகக் காத்திருப்பதன் விலை 787 ரூபாய். நான் அங்கே சொல்லப்போவதை இங்கேயே சொல்லிவிட்டால் நீங்கள் அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஜூலை 31-ஐயும் தவறவிட்டு ஆகஸ்ட் 5-ம் தேதி கட்டிப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 234பி இன்னொரு மாதம், 787. ரிட்டர்ன் தாமதத்துக்கு 234ஏ வட்டி ஒரு மாதம், இன்னொரு 787. 234எஃப் தாமதக் கட்டணம் 5,000, வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு இதுதான் தொகை. எல்லாம் சேர்ந்து 92,480-க்குப் போய்விடும். ஐந்து நாள் தாமதத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

இந்த இடத்தில் பலர் 'தேதியை நீட்டித்துவிடுவார்கள்' என்பார்கள். போன ஆண்டு அப்படித்தான் ஆனது. ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆயிற்று, கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டி 16 ஆயிற்று. அதை நம்பி வரியையும் சேர்த்துத் தள்ளிப்போட்டவர்கள் செப்டம்பரில் என்னிடம் வந்து, 'நீட்டித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு இந்த வட்டி?' என்று கேட்டார்கள். தேதி நீண்டால் நீளுவது ரிட்டர்ன் தேதி மட்டும்தான். தாமதக் கட்டணமும் 234ஏ-யும் தள்ளிப்போகும். 234பி எந்த அறிவிப்புக்கும் நிற்காது, அது ஏப்ரல் 1-லிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஆண்டு சம்பளக்காரர்களுக்குக் கடைசித் தேதி ஜூலை 31, வெள்ளிக்கிழமை. அதை நீட்டித்தாலும் நீட்டிக்காவிட்டாலும் உங்கள் 787 மாதாமாதம் ஏறும்.

பணத்தைக் கட்டுவதற்கு ரிட்டர்ன் தயாராக இருக்க வேண்டியதில்லை. incometax.gov.in-இல் உள்ளே போய் e-Pay Tax என்பதில் புதிய செலானைத் தொடங்குங்கள். வருமான வரி என்பதைத் தேர்ந்தெடுத்து, கட்டண வகையாக Self Assessment Tax (300) என்பதை எடுங்கள். முன்கூட்டிய வரிக்கு 100, துறை கேட்டு அனுப்பிய பாக்கிக்கு 400. அவை இரண்டும் உங்களுக்கு இல்லை.

ஆண்டைத் தேர்வு செய்யும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். இந்த ஆண்டு இதில் ஒரு புதுக் குழப்பம் இருக்கிறது. நீங்கள் கட்டப்போவது 2025-26 நிதியாண்டின் வரி, அதற்கு 1961-ம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும், அதன்படி அது Assessment Year 2026-27. ஆனால் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே கிடையாது, Tax Year என்றுதான். இந்த ஏப்ரலில் தொடங்கிய வருமானத்துக்கு அது Tax Year 2026-27. எண் ஒன்று, ஆண்டு வேறு. உங்கள் செலானில் Assessment Year என்ற சொல்லும் 2026-27 என்ற எண்ணும் சேர்ந்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் பணம் அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் உங்கள் போன ஆண்டுக் கணக்கில் வராது. ரிட்டர்ன் போடும்போது 85,000-மும் பாக்கி என்று நிற்கும். பிறகு திருத்தக் கேட்டு அலைய வேண்டும்.

வரியையும் வட்டியையும் தனித்தனிக் கட்டங்களில் போட இடம் இருக்கும். 78,780-ஐ வரியிலும் மீதியை வட்டியிலும் போடுங்கள். கட்டி முடித்ததும் செலான் ரசீதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு, கட்டிய தேதி, ஐந்து இலக்க செலான் வரிசை எண் மூன்றும் இருக்கும். ரிட்டர்னில் இவை மூன்றும் வேண்டும். முழுத் தொகையும் இப்போது கையில் இல்லை என்றால், இருப்பதைக் கட்டுங்கள். மீதியை ஜூலைக்குள் கட்டலாம். கட்டிய பகுதிக்கு வட்டி நிற்கும்.

இந்த இடத்தில் பழைய வரிமுறையை நினைத்துப் பார்க்காமல் போகக் கூடாது. வேலை மாறியவர்கள் பாக்கியைப் பார்த்ததும் 'எல்.ஐ.சி., வீட்டு வாடகை எல்லாம் காட்டினால் குறையாதா?' என்று கேட்பார்கள். உங்கள் வருமானத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை, பி.எஃப்., காப்பீடு எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சம், பழைய முறையின் நிலையான கழிவு 50,000 என்று தாராளமாகவே வைத்தாலும் வருமானம் 9,80,000-இல் நிற்கும். அதற்கு வரி செஸ்ஸோடு 1,12,840. புதிய முறையைவிட 34,000 அதிகம். உங்களுக்குப் பழைய முறை லாபமாக வேண்டும் என்றால் கழிவுகள் மொத்தம் 5,63,750-ஐத் தாண்ட வேண்டும். வீட்டுக் கடன் வட்டி இரண்டு லட்சமும் வாடகையும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் அது நடக்கும். அப்படி இருந்தால், ஜூலை 31-க்குள் போடும் ரிட்டர்னில் மட்டுமே பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு அதற்குத் தனிப் படிவம் எதுவும் வேண்டாம், ரிட்டர்னிலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஆகஸ்டில் போட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை, புதிய முறைதான். தாமதக் கட்டணம் ஐயாயிரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். சிலருக்கு இந்த உரிமை போவதுதான் பெரிய நஷ்டம்.

உங்கள் நண்பர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அதே இணையதளத்தில் ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். கம்பெனிகள் தங்கள் டிடிஎஸ் அறிக்கையின் இரண்டாம் இணைப்பில் ஒவ்வொரு ஊழியரின் சம்பளத்தையும் துறைக்குத் தருகின்றன. வரி பிடிக்காவிட்டாலும் அந்தச் சம்பளம் அங்கே வரும். Salary (TDS Annexure II) என்ற தலைப்பில் இரண்டு கம்பெனிப் பெயர்களும் அடுத்தடுத்து நிற்பதை நீங்களே பார்க்கலாம். இது துறையின் கையில் ஏற்கெனவே இருக்கும் கணக்கு. அதைப் பார்த்தும் ஆறு லட்சத்தை விட்டுவிட்டுப் போட்டால், பிற்பாடு அதை மறதி என்று சொல்ல முடியாது. குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 சதவீதம் அபராதம், வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் 200 சதவீதம். இப்போது வட்டியோடு 85,000-இல் முடிகிற விஷயம் இது.

ரிட்டர்ன் உங்களுக்கு எளிதுதான். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1. பங்கு வாங்கி விற்றிருந்தால் படிவம் மாறலாம், அதைத் தனியாகப் பாருங்கள். படிவத்தைத் திறந்ததும் சில விவரங்கள் முன்னதாகவே நிரம்பியிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். மொத்தச் சம்பளம் 13,80,000 என்று இருக்கிறதா, ஒரு கம்பெனி மட்டும் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிலையான கழிவு 75,000-தானா என்று பாருங்கள், ஒன்றரை லட்சம் அல்ல. பிறகு செலான் விவரத்தைச் சேர்த்தால், கடைசியில் கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாகவோ பத்து இருபது ரூபாயாகவோ வர வேண்டும். பெரிய தொகை நின்றால் அனுப்பாதீர்கள். செலானின் ஆண்டு தப்பு, அல்லது வங்கி வட்டி விட்டுப்போயிருக்கிறது, அல்லது செலான் விவரம் சேரவில்லை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அனுப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்க வேண்டும், அதற்கு 30 நாள் அவகாசம். போன ஆண்டு ஓர் இளைஞர் செப்டம்பர் 16 இரவு கைபேசியிலேயே ரிட்டர்ன் போட்டார். வீட்டுக் கடன் உள்ளவர், பழைய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஓடிபி வரத் தாமதமானது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டார். நவம்பரில் ரீஃபண்ட் வரவில்லையே என்று என்னிடம் வந்தபோதுதான் சரிபார்ப்பே நடக்கவில்லை என்று தெரிந்தது. 30 நாள் தாண்டிவிட்டால் சரிபார்க்கும் நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாள். தாமதக் கட்டணமும் வந்தது, பழைய முறையும் போயிற்று. ஒரு ஓடிபிக்காக இவ்வளவு. அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அனுப்பிய கையோடு சரிபார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி வெபினார். ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணிக்கு. இரண்டு மணி நேரம் ஆகும். முழுக்கத் தமிழில்தான். உங்களைப் போல இரண்டு ஃபார்ம் 16 வைத்திருப்பவர்கள் கடந்த சில வாரங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். திரையில் படிவத்தைத் திறந்து, ஒரு மாதிரிக் கணக்கை ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் காட்டுவேன். மீதி நேரம் கேள்விகளுக்கு. ஜூலை கடைசி வாரத்தில் வைக்காமல் 12-ம் தேதி வைத்ததற்குக் காரணம், ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் அதைச் சரிசெய்ய உங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருக்க வேண்டும் என்பதுதான். பழைய கம்பெனியிலிருந்து ஃபார்ம் 16 இன்னும் வராதவர்கள் அந்த அவகாசத்தில் கேட்டு வாங்கிவிடலாம். வரி எதுவும் பிடிக்காத சில கம்பெனிகள் ஃபார்ம் 16 தருவதில்லை. அப்போது சம்பளச் சீட்டுகளையும் ஏஐஎஸ்-ஐயும் வைத்துக் கணக்கை முடிக்கலாம், அதையும் காட்டுகிறேன்.

வரும்போது இரண்டு ஃபார்ம் 16, ஏஐஎஸ், வங்கி வட்டிச் சான்று, ஜூன் 30-க்குள் கட்டிய செலான், இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை முன்கூட்டி எழுதி அனுப்புவதானால், இரண்டு கம்பெனியிலும் வாங்கிய மொத்தச் சம்பளம், பிடித்த வரி, கட்டிய செலான் தொகை, இவ்வளவு போதும். பான் எண், ஆதார் எண், இணையதளக் கடவுச்சொல் எதையும் எனக்கோ வேறு யாருக்குமோ அனுப்ப வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 85,110-இலிருந்து ஏன் மாறியது என்று அன்றைக்குச் சொன்னீர்கள் என்றால், வங்கி வட்டியை எங்கே எப்படிச் சேர்த்தீர்கள் என்பதை உங்கள் கணக்கை வைத்தே மற்றவர்களுக்கும் காட்டிவிடலாம்.